நூறு ஆண்டுக்கு எட்டு சென்டிமீட்டர்

எட்டாம் வகுப்புக்கோ பத்தாம் வகுப்புக்கோ ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தை நடத்தும் ஆசிரியர் ஒருவர் பவர்பாயின்டைத் திறந்து, அதில் ஆயத்தமாகக் கிடைக்கும் ஸ்மார்ட்ஆர்ட் காலக்கோட்டைத் தேர்ந்தெடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கிய 1600 முதல் விடுதலை பெற்ற 1947 வரை பன்னிரண்டு நிகழ்ச்சிகளை வரிசையாகத் தட்டச்சு செய்கிறார். கோடு அழகாக வந்துவிடுகிறது. புள்ளிகளுக்கு நடுவே ஒரே அளவு இடைவெளி. மூன்றாவதாக நிற்பது 1757, பிளாசிப் போர்.

அந்தப் படத்தைப் பார்க்கும் மாணவருக்கு என்ன தோன்றும்? கம்பெனிக்காரர்கள் வந்தார்கள், சென்னையில் இடம் வாங்கினார்கள், உடனே பிளாசியில் சண்டை போட்டு நாட்டைப் பிடித்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும். கோட்டின் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குகூடக் கடப்பதற்குள் பிளாசி வந்துவிடுகிறது. உண்மையில் கம்பெனி பிறந்து பிளாசி வர 157 ஆண்டுகள் ஆயின. அதற்குப் பிறகு விடுதலை வர 190 ஆண்டுகள். வணிகராக இருந்த காலமும் ஆட்சி செய்த காலமும் கிட்டத்தட்ட சரிபாதி. இந்த ஒரு செய்தியைச் சம இடைவெளிக் கோடு முழுவதுமாக மறைத்துவிடுகிறது.

அதே கோட்டில் இன்னொரு விந்தையும் உண்டு. சென்னையில் கம்பெனி இடம் பெற்ற 1639-க்கும் பிளாசிக்கும் இடையே 118 ஆண்டுகள். கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட 1799-க்கும் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட 1801-க்கும் இடையே இரண்டே ஆண்டுகள். படத்தில் இரண்டு இடைவெளியும் ஒன்றுபோல இருக்கின்றன. வரிசை சரிதான், காலம்தான் காணாமல் போயிருக்கிறது.

காலத்தை அளவுகோலில் வைத்து வரையலாம் என்பது அச்சுப் புத்தகங்களில் நெடுங்காலம் யாருக்கும் இயல்பாகத் தோன்றவில்லை. ஐரோப்பாவில் ஆண்டுகளைப் பட்டியலாக, கட்டம் கட்டமாக அச்சிடுவதே வழக்கமாக இருந்தது. நிறைய நடந்த ஆண்டுக்குப் பெரிய கட்டம், ஒன்றும் நடக்காத ஆண்டுக்குச் சின்னக் கட்டம். 1753-இல் பிரெஞ்சு மருத்துவர் ழாக் பார்ப்யூ துபூர் எல்லா ஆண்டுகளுக்கும் ஒரே அகலம் கொடுத்து உலக வரலாற்றை வரைந்தார். அதன் நீளம் சுமார் பதினாறரை மீட்டர் வந்தது. இரண்டு உருளைகளில் சுற்றி, ஒரு பெட்டிக்குள் வைத்து, உருட்டி உருட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1765-இல், இங்கிலாந்தின் வாரிங்டன் கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஜோசப் பிரீஸ்ட்லி ஒரே தாளில் அடங்கும் படத்தை வெளியிட்டார். பின்னாளில் ஆக்சிஜன் ஆராய்ச்சிக்காக அறியப்பட்ட அதே பிரீஸ்ட்லிதான். கி.மு. 1200 முதல் கி.பி. 1800 வரை சீரான அளவில் கோடிட்டு, சுமார் இரண்டாயிரம் பேரின் வாழ்நாளை ஆளுக்கொரு சிறு கோடாக அதில் வரைந்தார். பிறப்போ இறப்போ உறுதியாகத் தெரியாதவர்களுக்கு அந்த முனையில் கோட்டுக்குப் பதிலாகப் புள்ளிகளை வைத்தார். அதுவும் வகுப்பறைக்காக எழுந்த தேவைதான்.

பிரீஸ்ட்லிக்கு ஒரு பெரிய தாள் இருந்தது. இன்றைய ஆசிரியருக்கு இருப்பது ஒரு ஸ்லைடு. பவர்பாயின்டின் அகலத் திரை ஸ்லைடு 33.87 சென்டிமீட்டர் அகலமும் 19.05 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. எத்தனை ஆண்டுகளை எத்தனை சென்டிமீட்டரில் அடக்குவது என்பதுதான் முதல் கணக்கு. இங்கே 1600 முதல் 1950 வரை 350 ஆண்டுகள் வேண்டும். கோட்டை 28 சென்டிமீட்டர் நீளத்துக்கு வரைந்தால் ஓர் ஆண்டுக்கு 0.08 சென்டிமீட்டர், பத்தாண்டுக்கு 0.8, நூற்றாண்டுக்குச் சரியாக 8 சென்டிமீட்டர். எண்கள் இப்படி முழுமையாக அமையும்படி தொடக்கத்தையும் முடிவையும் தேர்ந்தெடுத்துக்கொள்வது நல்லது. 1947-இல் நிறுத்தாமல் 1950 வரை கோட்டை நீட்டியது அதற்காகத்தான்.

கோடு ஸ்லைடின் இடது ஓரத்திலிருந்து 3 சென்டிமீட்டரில் தொடங்கட்டும், 31-இல் முடியும். இனி எந்த நிகழ்ச்சியானாலும் அதன் ஆண்டிலிருந்து 1600-ஐக் கழித்து, 0.08-ஆல் பெருக்கி, 3-ஐக் கூட்டினால் அது நிற்க வேண்டிய இடம் கிடைக்கும். எக்செலில் A பத்தியில் ஆண்டுகளை எழுதிவிட்டு, பக்கத்துக் கட்டத்தில் இந்த வரியைப் போட்டுக் கீழே இழுத்தால் போதும்:

```
=3+(A2-1600)*0.08
```

பிளாசி 15.56-இல் வருகிறது. பக்சார் 16.12. கட்டபொம்மன் 18.92, மருது சகோதரர்கள் 19.08, வேலூர்ப் புரட்சி 19.48. 1857-இன் பெரும் புரட்சி 23.56. காங்கிரஸ் தொடங்கிய 1885 என்பது 25.8. வங்கப் பிரிவினை 27.4, உப்புச் சத்தியாகிரகம் 29.4, விடுதலை 30.76.

இந்த எண்களைக் கண்ணால் பார்த்துச் சுட்டியால் இழுத்து வைக்கக் கூடாது. வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, வலது சொடுக்கில் வரும் `Size and Position` பலகையில் `Horizontal position` என்ற பெட்டிக்குள் எண்ணைத் தட்ட வேண்டும். பெட்டி அங்குலத்தில் இருந்தாலும் `15.56 cm` என்று எழுதினால் அதுவே மாற்றிக்கொள்ளும்.

இங்கேதான் பெரும்பாலான காலக்கோடுகள் சத்தமில்லாமல் தவறுகின்றன. அந்தப் பெட்டி கேட்பது வடிவத்தின் இடது ஓரத்தை, நடுவை அல்ல. நிகழ்ச்சியைக் குறிக்க 0.3 சென்டிமீட்டர் அகல வட்டப் புள்ளியை வைத்தால், அதன் நடு 0.15 சென்டிமீட்டர் வலப்புறம் தள்ளிப் போகும். நமது அளவில் அது கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள். எல்லாப் புள்ளிகளும் ஒரே அளவு தள்ளினால் அவற்றுக்கு இடையிலுள்ள தொலைவு கெடாது. ஆனால் கோட்டில் போட்ட நூற்றாண்டுக் குறிகளோடு ஒத்துப்போகாது. ஒரு புள்ளியை மட்டும் முக்கியம் என்று பெரிதாக்கினால் அது தனியாக நகர்ந்துவிடும்.

வட்டப் புள்ளியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 0.3 சென்டிமீட்டர் என்பது ஏறத்தாழ நான்கு ஆண்டு அகலம். 1799-உம் 1801-உம் 0.16 சென்டிமீட்டர் இடைவெளியில் நிற்பவை. இரண்டு புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். எனவே வட்டத்தை விட்டுவிட்டு நெட்டுக்குத்தான சிறு கோட்டைக் குறியாக வைப்பதே சரி. நேர் நெடுங்கோட்டுக்கு அகலம் பூஜ்யம் என்பதால் இடது ஓரமும் நடுவும் ஒன்றே. கணக்கில் வந்த எண்ணை அப்படியே தட்டலாம். அதன் தடிமனை இரண்டேகால் புள்ளி, அதாவது `2.25 pt`, என்று வைத்தால் திரையில் 0.08 சென்டிமீட்டர் வரும். ஒரு குறி, ஓர் ஆண்டு. கம்பெனிக்கு எலிசபெத் அரசி பட்டயம் வழங்கியது 1600 டிசம்பர் 31 அன்று. அதை 1600-இல் வைப்பதா, 1601-இல் வைப்பதா என்ற கேள்விகூட ஒரு குறியின் தடிமனுக்குள் அடங்கிவிடுகிறது.

குறிகள் நின்றுவிட்டன. பெயர்களை எங்கே எழுதுவது?

வகுப்பின் கடைசி வரிசையிலிருந்து படிக்க வேண்டுமானால் எழுத்து 18 புள்ளிக்குக் கீழே போகக் கூடாது. அந்த அளவில் ‘வேலூர்ப் புரட்சி’ என்ற இரண்டு சொற்களே மூன்று சென்டிமீட்டருக்கு மேல் பிடிக்கும். ஆனால் கட்டபொம்மன் முதல் வேலூர் வரை மூன்று நிகழ்ச்சிகள் அரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான இடத்தில் நெருக்கியடித்து நிற்கின்றன. இந்த நெருக்கடியைக் கண்டதும் குறியைக் கொஞ்சம் தள்ளி வைக்கக் கை துறுதுறுக்கும். நகர வேண்டியது பெயர்தான். குறி அசையக் கூடாது.

ஒரு வழி இது. தமிழ்நாட்டு நிகழ்ச்சிகளுக்குக் கோட்டின் மேற்புறம், பிற பகுதிகளின் நிகழ்ச்சிகளுக்குக் கீழ்ப்புறம் என்று முதலில் பிரித்துக்கொள்ளலாம். மேற்புறத்தில் 1639 தனியாக இருப்பதால் தொல்லை இல்லை. 1799-இன் பெயரைக் குறிக்கு இடப்பக்கத்தில் வலது ஓரம் சேர்த்து எழுதலாம். 1806-இன் பெயரை வலப்பக்கத்தில் எழுதலாம். நடுவிலுள்ள 1801-இன் குறியை மட்டும் மற்ற இரண்டையும்விட உயரமாக நீட்டி, அதன் உச்சியில் பெயரை நடுவாக வைக்கலாம். வளைந்த அம்புக்குறி ஒன்றுகூடத் தேவைப்படாது. கீழ்ப்புறத்தில் பிளாசியும் பக்சாரும் ஏழு ஆண்டு இடைவெளியில் நிற்கின்றன. அவற்றுக்கும் இதே இடம், வலம் பிரிப்பு போதும்.

எல்லாம் முடிந்த பிறகு பக்கம் கொஞ்சம் ஒழுங்கற்றுத் தெரியும். ஒரு பக்கம் வெறிச்சோடியும் இன்னொரு பக்கம் அடைத்துக்கொண்டும் இருக்கும். அப்போது அழகுக்காக எல்லாக் குறிகளையும் தேர்ந்தெடுத்து `Distribute Horizontally` என்ற பொத்தானை அழுத்தினால் அத்தனை கணக்கும் ஒரு நொடியில் போய், மறுபடியும் சம இடைவெளிக் கோடு வந்து நிற்கும். பழக்கத்தில் இந்தப் பொத்தானை அழுத்துபவர்கள் உண்டு. வேறொருவர் தயாரித்த ஸ்லைடு உண்மை அளவில் இருக்கிறதா என்று சோதிக்கவும் எளிய வழி இருக்கிறது. நூற்றாண்டுக் குறிகள் 1600, 1700, 1800, 1900 ஆகியவை 3, 11, 19, 27 என்று எட்டெட்டாக ஏற வேண்டும். பிளாசி 1700-க்கும் 1800-க்கும் நடுப்புள்ளியைச் சற்றுத் தாண்டி நிற்க வேண்டும். மருது சகோதரர்களின் குறி 1800-ஐ ஒட்டி, அதன் வலப்பக்கம் நிற்க வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் மற்றவையும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

எக்செலில் வரைபடமாகவே போட்டுவிடலாமே என்று சிலர் நினைக்கலாம். அங்கும் ஒரு கண்ணி காத்திருக்கிறது. வழக்கமான லைன் வரைபடம் ஆண்டுகளை வெறும் தலைப்புகளாக எடுத்துக்கொண்டு சம தூரத்தில் அடுக்கிவிடும். முழுத் தேதியாகக் கொடுக்கலாம் என்றால், எக்செலின் நாட்காட்டி 1900 ஜனவரி 1-இல்தான் தொடங்குகிறது. பிளாசிப் போர் நடந்த தேதியை அது வெறும் எழுத்தாகவே பார்க்கும். ஆண்டுகளைச் சாதாரண எண்களாக எழுதி, ஸ்கேட்டர் வகை வரைபடத்தைத் தேர்ந்தால் மட்டுமே இடைவெளி உண்மையாக வரும்.

இனி அந்தக் கோட்டைப் படித்துப் பார்க்கலாம். முதலில் கண்ணில் படுவது 6.12-இல் நிற்கும் 1639-க்கும் 15.56-இல் நிற்கும் பிளாசிக்கும் இடையே கிடக்கும் ஒன்பதரை சென்டிமீட்டர் வெற்றிடம். சம இடைவெளிக் கோட்டில் இந்தக் கேள்வியே எழாது. இங்கே எந்த மாணவரும் கேட்பார்: இத்தனை காலம் என்ன நடந்தது?

அந்தக் கேள்விக்குப் பதிலாக ஆசிரியர் 11.56-இல் ஒரு குறியைச் சேர்க்கலாம். 1707, ஔரங்கசீப்பின் மறைவு. அதிலிருந்து பிளாசிவரை சரியாக நான்கு சென்டிமீட்டர், ஐம்பது ஆண்டுகள். வலுவான முகலாய ஆட்சி இருந்தவரை கம்பெனி வணிகத்தோடு அடங்கியிருந்ததும், அது தளர்ந்த பிறகு நிலைமை மாறியதும் அந்த ஒரு குறியால் கோட்டிலேயே தெரிந்துவிடும். அடுத்து, 14.68-இல் தொடங்கி 1.36 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டையை வரையலாம். அது 1746 முதல் 1763 வரை நடந்த கர்நாடகப் போர்களின் காலம். ஒரு நாளில் நடந்ததைக் கோடாகவும் பல ஆண்டு நீடித்ததைப் பட்டையாகவும் வரைவது என்ற விதி இங்கே உதவுகிறது. பிளாசியின் குறி அந்தப் பட்டைக்குள்ளேயே விழுகிறது. வங்காளத்தில் நடந்த பிளாசியும், சென்னையிலும் புதுச்சேரியிலும் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்டதும் ஒரே காலத்துக் கதைகள் என்பது பார்த்தவுடன் புரிகிறது. பாடப்புத்தகத்தில் தனித்தனியாகப் படிக்கும்போது இது எளிதில் பிடிபடாது.

இரண்டாவதாகக் கண்ணில் படுவது 1800-ஐச் சுற்றிய நெருக்கம். 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தார். அதே ஆண்டு அக்டோபரில் கயத்தாறில் கட்டபொம்மன். 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள். 1806 ஜூலையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். அந்தக் கோட்டையில்தான் திப்புவின் மகன்கள் காவலில் வைக்கப்பட்டிருந்தார்கள். நான்கும் ஏழு ஆண்டுகளுக்குச் சற்று அதிகமான காலத்துக்குள், ஒரு விரல் அகலத்துக்குள் நிற்கின்றன. அங்கிருந்து 1857 வர நான்கு சென்டிமீட்டருக்கு மேல் போக வேண்டும். கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட நாளில் பிறந்த குழந்தைக்கு வேலூர்ப் புரட்சியின்போது ஆறு வயது, 1857-இல் ஐம்பத்தேழு. வேலூரை 1857-க்குப் பக்கத்தில் வைத்துப் பேசுவதைவிடத் தென்னாட்டுப் போர்களின் தொடர்ச்சியாகப் பேச இந்தக் கோடு இடம் தருகிறது.

ஆனால் வெற்றிடத்தைத் தவறாகப் படிக்கும் ஆபத்தும் உண்டு. 1857-க்கும் 1885-க்கும் இடையே குறி எதுவும் இல்லை. அதனால் அப்போது ஒன்றும் நடக்கவில்லை என்று பொருளில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சம் அந்த இடத்தில்தான் வருகிறது. கோட்டின் நீளம் காலத்தைச் சொல்லும்; எந்தெந்தக் குறி வேண்டும் என்பது பட்டியல் போட்டவரின் தேர்வு. வெற்றிடத்தில் ஒரு குறியை மாணவர்களையே தேடிவந்து வைக்கச் சொல்லும்போது இந்த வேறுபாடு தெளிவாகிவிடும். இடத்தைக் கணக்கிட அவர்களுக்கு அதே வாய்பாடு போதும்.

கோட்டின் வலது முனையில் இன்னொரு தொல்லை. 1905 முதல் 1947 வரை உள்ள விடுதலைப் போராட்டம் முழுவதும் மூன்றரை சென்டிமீட்டருக்குள் அடைபடுகிறது. ஒத்துழையாமை, உப்புச் சத்தியாகிரகம், வெள்ளையனே வெளியேறு என்று பாடத்தில் பாதிக்குமேல் அங்கேதான் இருக்கிறது. இதற்காகச் சிலர் பழைய பகுதியில் கோட்டை வெட்டி, நெளிவுக் குறி ஒன்றைப் போட்டு, கடைசிப் பகுதிக்கு அதிக இடம் கொடுப்பார்கள். அப்படி வெட்டினால் போவது கம்பெனி வணிகம் செய்த அந்த நீண்ட காலம்தான். எதைக் காட்டுவதற்காக இந்தக் கோடு வரையப்பட்டதோ அதுவே மறைந்துவிடும்.

அதைவிட, முதல் ஸ்லைடில் 27 முதல் 31 வரை உள்ள நான்கு சென்டிமீட்டருக்கு வெளிர் நிறம் பூசிவிட்டு, இரண்டாவது ஸ்லைடில் அந்தப் பகுதியை மட்டும் 28 சென்டிமீட்டருக்கு விரிப்பது நல்லது. 1900 முதல் 1950 வரை ஐம்பது ஆண்டுகள், ஆண்டுக்கு 0.56 சென்டிமீட்டர். முதல் ஸ்லைடைவிடச் சரியாக ஏழு மடங்கு. வாய்பாட்டில் 1600-க்குப் பதில் 1900, 0.08-க்குப் பதில் 0.56 என்று மாற்றினால் போதும். 1905 இப்போது 5.8-இல் நிற்கும், 1919-இன் ஜாலியன்வாலா பாக் 13.64, 1930 என்பது 19.8, 1942 என்பது 26.52, 1947 என்பது 29.32. ‘ஏழு மடங்கு பெரிதாக்கியது’ என்று ஓரத்தில் எழுதிவைப்பது அவசியம். இல்லாவிட்டால் இரண்டு ஸ்லைடுகளையும் ஒரே அளவு என்று எண்ணி, 1930-க்கும் 1942-க்கும் உள்ள தூரத்தை முந்தைய ஸ்லைடின் நூற்றாண்டோடு ஒப்பிட்டுவிடுவார்கள். இந்த அளவிலும் 1930 மார்ச்சில் தொடங்கிய தண்டி யாத்திரையையும் அடுத்த மாதம் ராஜாஜி திருச்சியிலிருந்து புறப்பட்ட வேதாரண்யம் யாத்திரையையும் பிரித்துக் காட்ட முடியாது. ஒரு மாதத்துக்குக் கிடைப்பது அரை மில்லிமீட்டர். இரண்டையும் ஒரே குறியின் கீழ் இரண்டு வரிகளாக எழுதுவதே முறை.

எவ்வளவு நீண்ட காலத்துக்கு ஒரு ஸ்லைடு தாங்கும்? கீழடியில் கிடைத்த மாதிரி ஒன்றுக்குக் கணிக்கப்பட்ட கி.மு. 580-ஐத் தொடக்கமாக வைத்து 1950 வரை வரைந்து பார்த்தால் எல்லை தெரியும். கி.மு. 1-க்கு அடுத்த ஆண்டு கி.பி. 1, நடுவில் பூஜ்யம் என்றோர் ஆண்டு கிடையாது. ஆகவே 580-ஐயும் 1950-ஐயும் கூட்டி ஒன்றைக் கழிக்க வேண்டும்: 2,529 ஆண்டுகள். அதே 28 சென்டிமீட்டர் கோட்டில் ஓர் ஆண்டுக்கு 0.011 சென்டிமீட்டர்தான் கிடைக்கும். இதுவரை பார்த்த 350 ஆண்டுகளும் நான்கு சென்டிமீட்டருக்குள் ஒடுங்கிவிடும். கார்பன் காலக் கணிப்பு முன்பின் சில பத்தாண்டுகளுக்கு இடம் விட்டே சொல்லப்படுவதால், கி.மு. 580-ஐக் கூர்மையான குறியாக வைக்காமல், பிரீஸ்ட்லி செய்ததுபோலப் புள்ளிக்கோடாலோ மங்கலான பட்டையாலோ காட்ட வேண்டும்.

இந்த நீளத்துக்குத் திரையைவிடச் சுவர் ஏற்றது. ஓர் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வைத்தால் கீழடி முதல் 1950 வரை இரண்டரை மீட்டர் காகிதச் சுருளில் அடங்கும். அதில் கம்பெனி தொடங்கிய ஆண்டிலிருந்து உள்ள பகுதி கடைசி 35 சென்டிமீட்டர். அந்த 35 சென்டிமீட்டரைத்தான் பாடம் நடக்கும்போது ஆசிரியர் ஸ்லைடில் விரித்துக் காட்டுகிறார்.